மணிக்கட்டில் ஆறி, வாயில் தங்கும் நோய்

மணிக்கட்டின் உட்புறத்தில், வளையல் உரசும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் சில மேடுகள் கிளம்புகின்றன. அவற்றின் உச்சி கூம்பாக இல்லை. வழித்து விட்டது போலத் தட்டையாக இருக்கிறது. ஓரம் வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாக இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பு மெலிதாக மின்னுகிறது. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடநூல்கள் இதன் நிறத்தைக் கத்தரிப்பூ நிறம் என்கின்றன. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் தோலில் அந்த ஊதா அப்படியே தெரிவதில்லை. சாம்பல் கலந்த பழுப்பாகவோ ஏறக்குறைய கறுப்பாகவோதான் தெரியும். அரிப்பு கடுமையாக இருக்கும். ஆனாலும் பலர் நகத்தால் பறண்டாமல் உள்ளங்கையால் தேய்த்துக்கொள்வார்கள். அதனால் மேடுகளின் மேல் நகக்கீறல் குறைவாகவே இருக்கும்.

இந்த நோயின் பெயர் லைக்கன் பிளேனஸ். லண்டன் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1869இல் இதைத் தனி நோயாக விவரித்தார். மேடுகளின் மேல் ஓடும் மெல்லிய வெண்கோடுகளை 1895இல் பாரிஸில் லூயி விக்கம் எழுதிவைத்தார். இன்றும் அவை விக்கம் கோடுகள் என்றே வழங்குகின்றன. வெறும் கண்ணுக்கு அவை எளிதில் தென்படா. மேட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் வெளிவரும். விலை உயர்ந்த கருவி இல்லாத ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

தோலில் வரும் லைக்கன் பிளேனஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானே அடங்கிவிடுகிறது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாயிலும் நோய் இருக்கும். வாயில் வந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட நீடிக்கும். கையைக் காட்ட வந்தவரை அன்றே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காவிட்டால், ஆறிவிடக்கூடிய பாதிக்கு மருந்து கொடுத்துவிட்டு, நீடிக்கப்போகிற பாதியைக் கவனிக்காமலே அனுப்பிவிடுகிறோம். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் இது இன்னும் சிக்கலாகிறது. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் வாயில் வெண்கோடுகள் வேறு காரணத்தாலும் வரும். இந்தக் கட்டுரை அந்தக் கோடுகளைப் பிரித்தறிவதைப் பற்றியது.

முதலில் கையில் நிகழும் தவறுகள். மலையிலும் அடிவாரத்திலும் அரிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சொறி சிரங்கு. அப்படி நினைப்பதில் தவறில்லை, அதுவும் மணிக்கட்டில் வரும். ஆனால் சிரங்கு விரலிடுக்கில் தொடங்கும், இரவில் கூடும், வீட்டில் இன்னும் இரண்டு பேராவது சொறிந்துகொண்டிருப்பார்கள். லைக்கன் பிளேனஸ் தொற்றாது. ஒரே பாயில் படுப்பவருக்கும் வராது. படர்தாமரை என்றால் ஓரம் சிவந்து செதில் கட்டி, நடுப்பகுதி ஆறிக்கொண்டே வட்டமாக விரியும். இங்கே ஒவ்வொரு மேடும் தனித்தனியாக நிற்கும். சில இடங்களில் மட்டும் ஒன்றோடொன்று கூடித் தகடாகும். எல்லாவற்றையும் விடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. தோலில் ஏற்கெனவே முள் கீறியிருந்தால், அந்தக் கீறல் ஓடிய வழியே மேடுகள் வரிசையாக முளைத்திருக்கும். காட்டு வேலை செய்கிறவர் கையில் இப்படி ஒரு வரிசை தெரிந்தால், சிரங்கா படர்தாமரையா என்ற ஐயம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் டியூப் களிம்புகள் இந்த ஐயத்தைத் தீரவிடாமல் செய்கின்றன. வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை அவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் ஸ்டீராய்டு மேல்பூச்சுகள் பலவற்றை மத்திய அரசு 2018இல் சேர்த்தது. அதற்குப் பிறகும் சீட்டில்லாமல் வாங்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. லைக்கன் பிளேனஸுக்கு ஸ்டீராய்டு சரியான மருந்துதான் என்பதால் அந்தக் களிம்பு போட்டதும் அரிப்பு தணியும். நிறுத்தினால் திரும்பி வரும். போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தி நான்கு மாதம் கழித்து மருத்துவரிடம் போகும்போது மேடுகள் பாதி அமுங்கியிருக்கும், நிறம் கறுத்திருக்கும், அடையாளங்கள் குழம்பியிருக்கும். அந்த நிலையில் வாயைப் பார்ப்பது இன்னும் அவசியமாகிறது. தோலில் மறைக்கப்பட்ட அடையாளம் வாயில் பெரும்பாலும் கலையாமல் இருக்கும்.

தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் ஒரே ஒரு வரிசையாக அடிச்செல்கள் இருக்கின்றன. மேலே உள்ள எல்லாச் செல்களும் இவற்றிலிருந்து பிறப்பவைதான். லைக்கன் பிளேனஸில், உடலைக் காக்க வேண்டிய டி வகை வெள்ளணுக்கள் இந்த அடிச்செல்களைப் பகையாகக் கருதி வந்து குவிகின்றன. நுண்ணோக்கியில் அந்தக் குவியல் மேலடுக்கை ஒட்டியபடி ஒரு பட்டை போலக் கிடக்கும். மேலடுக்கின் அடிவிளிம்பு ரம்பப் பற்களாகத் தெரியும். அடிச்செல்கள் சாகும்போது அவற்றில் இருந்த கருநிறமி கீழே கொட்டி, ஆழத்தில் தங்கிவிடுகிறது. நோய் அடங்கிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், கறுப்புத் தழும்பு மாறாததற்கு இதுதான் காரணம். மேலடுக்கில் சிறுமணிச் செல்கள் நிறைந்த படலம் அங்கங்கே தடித்துப்போவதால்தான் விக்கம் கோடுகள் வெண்மையாகத் தெரிகின்றன. கன்னத்தின் உட்சவ்விலும் அதே தாக்குதல் நடக்கிறது, வெண்கோடுகளும் தோன்றுகின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் மேடு எழும்புவதில்லை. கோடு மட்டும் படர்கிறது.

கறுப்புத் தழும்பைப் பற்றி இந்தியத் தோல் மருத்துவம் தனியாகவே ஒரு பங்கை அளித்திருக்கிறது. மேடு எழாமல் கறுப்பு மட்டும் படரும் வகையை எல்.கே. பூட்டானியும் உடன் பணியாற்றியவர்களும் 1974இல் வகைப்படுத்தினார்கள். நம் நிறத்தவரில்தான் அது அதிகம். இதை அறியாதவர்கள் தழும்பையே நோயாக எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தேய்ப்பார்கள். தோல் மெலிந்து நரம்பு தெரியத் தொடங்கும். கறுப்பு அப்படியே இருக்கும். இதைத் தவிர்க்க விரலே போதும். கண்ணை மூடிக்கொண்டு தடவும்போது மேடு தட்டுப்பட்டால் நோய் இன்னும் இருக்கிறது. தட்டுப்படாமல், அரிப்பும் இல்லாமல், நிறம் மட்டும் இருந்தால் களிம்பை நிறுத்திவிடலாம்.

இனி வாய். கன்னத்தின் உட்பக்கத்தில், கடைவாய்ப் பற்களை ஒட்டிய பகுதியில், மெல்லிய வெண்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னி, சிக்குக் கோலம் போலப் படர்ந்திருந்தால் அது வாய் லைக்கன் பிளேனஸின் வழக்கமான தோற்றம். பெரும்பாலும் இரு கன்னங்களிலும் இருக்கும். நாக்கின் ஓரத்திலும் ஈறிலும்கூட வரலாம். பஞ்சுத் துணியால் துடைத்தால் போகாது. போனால் அது பூஞ்சை. வலிக்காது, எரியாது. அதனால் நோயாளிக்கே தெரியாது. வேறொரு வகையில் சவ்வு மெலிந்து சிவந்து, பிறகு புண்ணாகிறது. மிளகாய்க் காரம் பட்டால் எரிகிறது, சூடான கஞ்சி கூடக் குடிக்க முடிவதில்லை. ஈறு முழுவதும் சிவந்து தோலுரிந்தாலும் அது லைக்கன் பிளேனஸாக இருக்கலாம். அப்போது பல் விளக்கவே பயமாகி, அழுக்கு சேர்ந்து, ஈறு இன்னும் மோசமாகும்.

இந்தியக் கிராமங்களில் இந்தக் கோடுகளைப் பெரிய அளவில் முதலில் எண்ணியவர்கள் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிக் குழுவினர். ஃபாலி மேத்தாவும், டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்ஸ் பிண்ட்பார்க்கும், அவர்களோடு பணியாற்றிய குப்தா, தஃப்தரி, போன்ஸ்லே, மூர்த்தி ஆகியோரும் 1960களின் பின்பகுதியில் ஐந்து மாவட்டங்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான கிராமத்தினரின் வாயைப் பார்த்தார்கள். தெற்கே அவர்கள் தேர்ந்தவற்றில் ஒன்று எர்ணாகுளம். உணவிலும் வெற்றிலைப் பழக்கத்திலும் நமக்கு மிக நெருங்கிய நிலம் அது. அங்கே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வாய் லைக்கன் பிளேனஸ் 1.5 விழுக்காடு என்று 1972இல் வெளியிட்டார்கள். கூட்டியும் பிரித்தும் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. புகையிலையைத் தொடாதவர்களில் அது 0.3 விழுக்காடு மட்டும். மெல்லவும் புகைக்கவும் செய்தவர்களில் 3.7 விழுக்காடு.

பத்து மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டை என்னவென்று புரிந்துகொள்வது? புகையிலை லைக்கன் பிளேனஸைத் தூண்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மெல்லுகிறவர்களின் வாயில் லைக்கன் பிளேனஸைப் போலவே தோன்றும் வேறொன்று இருக்கிறது, அதுவும் சேர்ந்து எண்ணப்பட்டிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஐயத்துக்கு வலுச் சேர்த்தது அதே குழுதான். தங்கள் கணக்கை வெளியிட்டதோடு நிற்காமல், 1980இல் தஃப்தரியும் உடனிருந்தவர்களும் வெற்றிலைப் புகையிலை மெல்லுகிறவர்களில் லைக்கன் பிளேனஸை ஒத்த ஒரு தழும்பைத் தனியே விவரித்தார்கள். அதன் கோடுகள் மெல்லியவை, வெண்மையானவை, அலையலையாக ஓடுபவை. ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை, இணையாகவே செல்கின்றன. சில வாய்களில் நடுவே சிவந்த ஓர் இடத்திலிருந்து விரிகின்றன. மென்றதை ஒதுக்கிவைக்கும் இடத்திலேயே அவை இருக்கின்றன. ஒதுக்குவதை நிறுத்தினால் மங்குகின்றன. இந்தத் துறையில் நம் நாட்டு ஆய்வு உலகத்துக்குத் தந்த மிகப் பயனுள்ள கவனிப்புகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். பல் மருத்துவரின் கைவிளக்கு ஒன்றைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பது அதன் பெரிய பலம்.

கல்வராயன் மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை இது. சாலையும் மருத்துவமும் தாமதமாகவே ஏறின. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்து 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தோல் மருத்துவரும் திசுச் சோதனையும் வேண்டுமென்றால் சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்க்கொண்டிருந்த மக்களுக்கு, ஒரு பெரிய அரசு மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே வந்திருக்கிறது. அதை எந்தக் கேள்வியோடு அணுகுவது என்பதைத்தான் ஒரு நோயாளியை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் ஒரு சிற்றூர்ப் பெண். வயது 48. சாமையும் மரவள்ளியும் போடும் குடும்பம். இவரை நான் பல நோயாளிகளிடம் காணக்கூடிய கூறுகளைச் சேர்த்து உருவாக்கியிருக்கிறேன். ஒரு தனி ஆளின் கதை அல்ல இது. நான்கு மாதமாக இரு மணிக்கட்டிலும் அரிப்பு. கடையில் வாங்கிய டியூப் ஆறு வாரம். பிறகு சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் பெர்மெத்ரின் பூசியாயிற்று. மற்ற யாருக்கும் அரிப்பே இருந்ததில்லை. இரண்டு ஆண்டாக இரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால் மாத்திரை சாப்பிடுகிறார். இருபது வயதிலிருந்து வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு புகையிலை. இடது கன்னத்தில் ஒதுக்குவார்.

மணிக்கட்டில் மேடுகள் தட்டையாக, பலகோணமாக இருக்கின்றன. எண்ணெய் விட்டதும் கோடுகள் தெரிகின்றன. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இரண்டு தகடுகள் தடித்து நிற்கின்றன. வலது முன்கையில் முள் கிழித்த வழியே ஒரு வரிசை. கை பற்றிய கேள்வி இங்கே முடிகிறது. மருத்துவர் வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறார்.

“வாயைத் திறங்கம்மா. வெத்தலை எந்தப் பக்கம் அடக்குவீங்க?”

“இடது பக்கந்தாங்க சார். இதுக்கும் கைக்கும் என்னாங்க சம்பந்தம்?”

விளக்கடியில் வலது கன்னம் முதலில். அங்கே வெற்றிலை ஒதுக்கியதே இல்லை. அப்படியிருந்தும் பின்னிய கோடுகள் இருக்கின்றன. அவை லைக்கன் பிளேனஸ். பிறகு இடது கன்னம். கீழ்க்கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, உருண்டை தங்கும் பள்ளத்தில், இணையாக ஓடும் அலைக்கோடுகள். அவற்றின் நடுவே ஒரு சென்டிமீட்டர் சிவப்பு. அதற்குச் சற்று மேலே, உருண்டை படாத பகுதியில், மறுபடியும் பின்னிய கோடுகள். ஒரே வாயில் இரண்டும் இருக்கின்றன. இப்படி இருக்க முடியும் என்று எதிர்பார்க்காத கண், வலது கன்னத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் லைக்கன் பிளேனஸ் என்று எழுதிவிடும். இடது கன்னத்தை மட்டும் பார்த்த கண் எல்லாவற்றையும் வெற்றிலைத் தழும்பு என்று எழுதிவிடும். முதல் தவறில் புகையிலையை நிறுத்தச் சொல்லும் வாய்ப்பு நழுவும். இரண்டாம் தவறில் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு நழுவும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று அடுத்துப் பார்க்கிறார். நோயாளியின் விரல்கள் மூன்று, ஒன்றன் மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைகின்றன. கன்னத்தை விரல்களால் பிடித்துப் பார்த்தால் நார்ப்பட்டை தட்டுப்படவில்லை. பாக்கினால் சவ்வு வெளிறி இறுகிப் போகும் நோய் இவருக்கு இல்லை. அது இருந்திருந்தால் கதை வேறு திசைக்குப் போயிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே, புகையிலை சேராமலும்கூட, புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியிருக்கிறது.

இனி மாத்திரை. சில இரத்த அழுத்த மாத்திரைகளும், நீரிழிவு மாத்திரைகள் சிலவும், மலேரியா மருந்தும் லைக்கன் பிளேனஸை ஒத்த தடிப்பை உண்டாக்கும். சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களுக்கு வாய் லைக்கன் பிளேனஸும் சேர்ந்து வருவதை 1960களில் ஒரு தனி நோய்த்தொகுதியாகவே கருதினார்கள். அது அவர்கள் விழுங்கும் மாத்திரைகளின் விளைவாக இருக்கலாம் என்று பின்னால் பலர் ஐயப்பட்டார்கள். மாத்திரையால் வருவது பெரும்பாலும் உடலெங்கும் பரவும், வெயில் படும் இடங்களை விரும்பும், செதில் கட்டும், விக்கம் கோடு தெளிவாக இராது, வாயைப் பெரும்பாலும் விட்டுவிடும். இவருக்கு எல்லாமே அதற்கு நேர்மாறாக இருப்பதால் மாத்திரை மீது பழி போட இடமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் இந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அரிப்பைக் காரணம் காட்டி அவற்றைத் தானாக நிறுத்துகிறவருக்குப் பக்கவாதம் வரக்கூடும். மாற்றுவதென்றால் எழுதிக்கொடுத்த மருத்துவரே மாற்ற வேண்டும். மாற்றினாலும் தடிப்பு அடங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன், போகவில்லை என்பது எதையும் நிரூபிப்பதில்லை.

திசு எடுக்க வேண்டுமா? மணிக்கட்டைப் பொறுத்தவரை தேவையில்லை. வலது கன்னத்திலும், தோலில் தெளிவான நோய் இருக்கும்போது, பல மருத்துவர்கள் விட்டுவிடுவார்கள். இடது பக்கச் சிவப்பிலிருந்து கட்டாயம் எடுக்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டு புகையிலை பட்ட இடத்தில் சிவப்பு தெரிந்தால் அதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எப்படி எடுப்பது என்பதில்தான் முடிவு கெடுகிறது. புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் மேலடுக்கே இராது. நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. சிவப்பும் வெண்கோடும் சந்திக்கும் ஓரத்திலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் துண்டாக எடுத்து, பத்து விழுக்காடு ஃபார்மலினில் போட்டு, கூடவே வெற்றிலை எந்தப் பக்கம், எத்தனை ஆண்டு, கையில் என்ன இருக்கிறது என்பதைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். லைக்கன் பிளேனஸும் வெற்றிலைத் தழும்பும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். சீட்டு வெறுமையாக இருந்தால் நோயியல் மருத்துவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: செல்கள் புற்றுநோயை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கின்றனவா இல்லையா. நமக்கு முதலில் வேண்டியதும் அதுதான். ஈறு மட்டும் உரிந்து கொப்புளமும் வந்தால் வேறு இரண்டு நோய்களை விலக்க இன்னொரு துண்டு வேண்டும். அதை ஃபார்மலினில் போட்டால் வீணாகிவிடும். தனிக் கரைசலில் ஒளிர்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நம் நோயாளியின் திசுவில் அப்படித் திரும்பிய செல்கள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டுக்கு 0.05 விழுக்காடு க்ளோபெட்டசால், மேட்டின் மேல் மட்டும் மெல்லியதாக, நாளுக்கு இரு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம். அரிப்பு முதலில் போகும், மேடு பிறகு அமுங்கும், கறுப்பு கடைசிவரை இருக்கும். இந்த வரிசையை முதல் நாளே சொல்லிவிட்டால் அவர் நடுவில் மருந்து மாற்ற மாட்டார். முழங்காலுக்குக் கீழேயுள்ள தடித்த தகடுகள் பிடிவாதமானவை. அவற்றுக்குள் ஸ்டீராய்டை ஊசியாகச் செலுத்த வேண்டி வரலாம். உடல் முழுவதும் பரவியவர்களுக்கு ஒளிச்சிகிச்சை நல்ல வழி. ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை வர வேண்டும் என்பதால், மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வருகிறவர் அதைத் தொடர்வது அரிது. அதை எழுதிக்கொடுப்பதற்கு முன் வந்துபோகும் செலவைக் கேட்டறிவது மருத்துவரின் வேலையில் சேர்ந்ததுதான்.

வலது கன்னத்து வலியற்ற கோடுகளுக்கு மருந்தே வேண்டாம். இதை ஏற்கப் பலருக்கு மனம் வராது. ஆனால் கோட்டை அழிக்கும் மருந்து கிடையாது, எரிச்சலை அடக்கும் மருந்துதான் உண்டு. எரிச்சல் வந்தால் ட்ரையம்சினோலோன் 0.1 விழுக்காடு வாய்ப்பசை. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும், முதலில் அந்த இடத்தைப் பஞ்சுத்துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுத் தொட்டு வைக்க வேண்டும். அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. உலர்த்தாமல் வைத்தால் எச்சிலோடு போய்விடும். மருந்து பலிக்கவில்லை என்பவர்களில் பலர் உலர்த்தாதவர்கள். வாய் முழுவதும் பரவியிருந்தால் பீட்டாமெத்தசோன் அரை மில்லிகிராம் மாத்திரையைச் சிறிது தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று நிமிடம் வாயில் வைத்திருந்து துப்பச் சொல்வதுண்டு; விழுங்கக் கூடாது. இந்த மருந்துகளை மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். சில வாரங்களில் வெண்தயிர் போன்ற படிவு சேர்ந்து எரிச்சல் கூடினால் அது பூஞ்சை. ஸ்டீராய்டை இன்னும் கூட்டினால் பூஞ்சை பெருகும். அதற்குத் தனிமருந்து க்ளோட்ரிமசோல். கூர்ப்பல் ஒன்று கன்னத்தில் உரசிக்கொண்டிருந்தால் அதைத் தேய்த்துவிடவேண்டும். தோலில் கீறிய இடத்தில் நோய் முளைப்பதைப் போல வாயிலும் உரசிய இடத்தில் நோய் நிலைகொள்ளும். பழைய பாதரச அடைப்பை ஒட்டியே கோடு இருந்தால் அடைப்பை மாற்றிப் பார்க்கலாம். சிலருக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது.

இடது கன்னத்துக்கான சிகிச்சை புகையிலையை நிறுத்துவது. வலப்பக்கம் மாற்றி ஒதுக்குவது நிறுத்துவதாகாது. அந்தப் பக்கமும் தழும்பு வரும். நிறுத்திய சில வாரங்களில் இணைக்கோடுகள் மங்கவேண்டும், சிவப்பு தணியவேண்டும். பின்னிய கோடுகள் அப்படியே இருக்கும். அதுவே முதல் நாள் கணிப்பு சரி என்பதற்குச் சான்று. சிவப்பு மங்காமலே இருந்தால், முதல் திசுச் சோதனை நல்லபடியாக வந்திருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும்.

வாய் லைக்கன் பிளேனஸ் புற்றுநோயாகுமா என்ற கேள்வி நூறாண்டு வழக்கு. உலக சுகாதார நிறுவனம் அதைப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் 1978இல் ஒரு முக்கியமான வாதத்தை வைத்தார்கள்: புற்றுநோயானதாகப் பதிவான பலவற்றில் தொடக்கத்தில் இருந்தது லைக்கன் பிளேனஸே அல்ல என்று. திசுவில் திரிந்த செல் இருந்தால் அதை லைக்கன் பிளேனஸ் என்று அழைக்கக்கூடாது என்ற நிபந்தனை 2003இல் முன்வைக்கப்பட்டதும் இந்த வழக்கின் தொடர்ச்சிதான். எண்ணிக்கையில் நமக்கு மிக நெருக்கமானது மறுபடியும் எர்ணாகுளம். அங்கே கண்டறியப்பட்ட 722 பேரைச் சராசரியாக ஐந்தாண்டு பின்தொடர்ந்து, 1986இல் மூர்த்தி குழு வெளியிட்டது: மூவருக்குப் புற்றுநோய், 0.4 விழுக்காடு. உலகெங்கும் பல ஆய்வுகளைத் திரட்டிய பிந்தைய கணக்குகள் ஏறக்குறைய ஒரு விழுக்காடு என்கின்றன. புகையிலை, மது, சிவந்து புண்ணாகும் வகை ஆகியவை இருந்தால் ஆபத்து கூடும்.

நூற்றில் ஒருவர் என்பதைப் பயமுறுத்தப் பயன்படுத்துவது தவறு. தொண்ணூற்றொன்பது பேருக்கு இது புற்றுநோயாகாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். கோடு மட்டும் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை; புண்ணாகும் வகைக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் இதே நோய் இருக்கலாம். எரிச்சலோ உறவில் வலியோ உண்டா என்று பெண் செவிலியர் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள், அங்கே தழும்பு கட்டினால் திருத்துவதும் கடினம்.

மலையில் இந்தக் கண்காணிப்பை யார் செய்வது? ஒவ்வொரு முறையும் சிறுவங்கூருக்கு வரச் சொன்னால் இரண்டாவது முறையோடு நின்றுவிடும். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோருக்கு, கைப்பேசி வெளிச்சத்தில் இரு கன்னம், நாக்கின் இரு ஓரம், ஈறு என்ற ஐந்து இடங்களைப் பார்க்கப் பழக்குவது ஒரு பிற்பகல் வேலை. அவர்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் எடுத்த படத்தோடு இன்றைய வாயை ஒப்பிட்டு மூன்றைக் கண்டால் போதும்: இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாத புண், விரலால் அழுத்தும்போது அடியில் கெட்டியாகத் தட்டுப்படும் இடம், முன்பு கோடு இருந்த இடத்தில் தடித்த வெண்தகடோ புதிய சிவப்போ. இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திராமல் அந்த வாரமே கீழே அனுப்ப வேண்டும். படத்தில் தேதியும், எந்தக் கன்னம் என்பதும், அன்று வெற்றிலை போடுகிறாரா விட்டுவிட்டாரா என்பதும் எழுதியிருக்க வேண்டும். இடம் வலம் குறிக்காத கன்னப் படத்தை வைத்து ஆறு மாதம் கழித்து எதையும் ஒப்பிட முடியாது.